மூன்று என்று எழுதிய சாய்வு

அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி சென்ற மாதம் ஒரு தாளில் வந்தது. கடல் கடந்த நாட்டிலிருந்து அவனுடைய மகள் எழுதியிருந்தாள். தகப்பன் என்னைப் பற்றி அடிக்கடி பேசுவார் என்றும், அவருடைய முதல் ஆய்வில் நான் உடனிருந்தவன் என்றும், நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தாள். உடனிருந்தவன் என்பது சரியான சொல். அந்த ஒரு பக்கத்தை நான் மும்முறை தொடங்கி மும்முறை நிறுத்தினேன். இங்கே எழுதுவது அவளுக்கு அனுப்ப இயலாத பக்கம்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் கொழும்பில் பௌதிகத்தில் மேற்பட்டப்படிப்பு மாணவர்களாக இருந்தோம். எங்கள் பொருள் ஒரு வெண்மையான படிகம்: கிளைசீனையும் கந்தகவமிலத்தையும் தண்ணீரில் கரைத்து, அந்த நீரை மெல்ல ஆவியாகவிட்டால் பல வாரங்களில் வளர்வது. அதற்கு ஒரு குணம் உண்டு. நாற்பத்தொன்பது பாகை வெப்பநிலைக்குக் கீழே, வெளியே மின்புலம் எதுவும் இல்லாமலே அது தானாக முனைவாக்கம் கொள்ளும், அதாவது ஒரு முகம் நேர், மறுமுகம் மறை என மின் பிரிந்து நிற்கும். மேலே அந்த முனைவாக்கம் முற்றாக இல்லாமற்போகும். பனிக்கட்டி உருகுவதைப்போல ஒரே பாய்ச்சலில் அல்ல, வெப்பநிலையோடு சிறுகச் சிறுகக் குறைந்து அந்தப் புள்ளியில் பூச்சியத்தைத் தொடும். அவத்தை என்பது பொருளின் நிலை; தொடர்ச்சியான அவத்தை மாற்றம் என்று இதைச் சொல்வோம்.

கொழும்பின் ஈரக்காற்றில் இந்த வேலை நடக்கவில்லை. படிகம் நீரில் கரைவது. அதன் மேற்பரப்பில் ஈரம் படிந்தால் மின் கசிந்து அளவுகள் எல்லாம் கெட்டுவிடும். அவனுடைய வீடு வவுனியாவில், நெளுக்குளத்தில். கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் அங்கே துணி கொடியிலேயே காய்ந்து விறைத்துவிடும். அந்த வீட்டின் பின்பக்கத்து அறையை அவன் தாயார் எங்களுக்கு ஒழித்துத் தந்தார். கண்ணாடிப் பாத்திரங்களில் நான் வளர்த்த படிகங்களை ஒவ்வொரு காலையும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன தம்பி, உந்தக் கல்லு இண்டைக்காவது பொரிக்குமோ? கோழியெண்டால் மூண்டு கிழமையில குஞ்சு வந்திடும்."

"இது ஆறு கிழமை, அம்மா."

"அப்ப மயில் முட்டையாக்கும்," என்று போய்விடுவார்.

ஆறாம் கிழமையில் ஒன்று தேறியது. என் பெருவிரலளவு, உள்ளே ஒரு கீறலும் இல்லாதது. ஈர நூலால் அதை இரண்டாக அறுத்தோம். ஒரு பாதியிலிருந்து மெல்லிய தகடு எடுத்து, இரு முகங்களிலும் வெள்ளிப் பசை பூசி, கம்பி ஒட்டினோம். மறுபாதியை உலர்த்திச் சாடிக்குள் வைத்தேன். தகட்டைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, நல்லெண்ணெய் நிரம்பிய தொட்டிக்குள் இறக்கி, கரியடுப்பில் அறுபது பாகைவரை சூடாக்கி, பிறகு தன்பாட்டில் ஆறவிடுவோம். ஒருவன் வெப்பமானியை வாசிப்பான். மற்றவன் காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, பற்றரியில் இயங்கும் கொள்ளளவப் பாலத்தின், அதாவது படிகம் எவ்வளவு மின்னேற்றம் கொள்ளும் என்று அளக்கும் கருவியின், குமிழைத் திருகுவான். ஊளைச் சத்தம் அடங்குகிற இடமே அளவு. அவனுடைய காது என்னுடையதைவிடக் கூர்மையானது. கை வேலை அவனுடையது, கணக்கு என்னுடையது என்று நாங்கள் எப்போதோ பிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிரிவினையே பின்னர் எல்லாவற்றுக்கும் வழிவிட்டது.

எண்ணெய் ஆறும் மணித்தியாலங்களில் கணக்கை அவனுக்குச் சொல்லுவேன். லாண்டவ் விரிவு என்று நூல்கள் அழைப்பது உண்மையில் ஓர் அடக்கமான துணிவு. படிகத்துக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்று அது கேட்பதில்லை. மாற்றப் புள்ளிக்கு அருகில் முனைவாக்கம் P சிறியது. ஆகவே படிகம் எப்போதும் குறைக்கப் பார்க்கும் கட்டற்ற சக்தியை P இன் அடுக்குகளின் தொடராக எழுதலாம் என்கிறது. P தான் ஒழுங்குப் பரமானம்: ஒழுங்கு இல்லாத மேல் அவத்தையில் பூச்சியம், கீழ் அவத்தையில் பூச்சியமல்லாதது. எந்த அடுக்குகள் வரலாம் என்பதைப் படிகத்தின் சமச்சீர் தீர்மானிக்கும்.

"ஒற்றை அடுக்கெல்லாத்தையும் ஏன் வெட்டிப்போட்டாய்?" என்று கேட்டான்.

"உந்தப் படிகத்துக்கு மேலும் கீழும் ஒண்டுதான். P எண்டாலும் மைனஸ் P எண்டாலும் அதே சக்தி. ஒற்றை அடுக்கு வந்தால் ரெண்டும் வேறயாப் போயிடும். மூண்டாம் அடுக்கு இருந்தால் மாற்றமே பாய்ச்சலாத்தான் நடக்கும்."

"மிச்சம் ரெண்டும் நாலும்."

"ஓம். நாலின்ர குணகம் நேர். ரெண்டின்ர குணகம்தான் வெப்பநிலையோட மாறுது. மேல நேர், மாற்றப் புள்ளியில பூச்சியம், கீழ மறை."

தாளில் வரைந்து காட்டினேன். மேலே ஒரே கிண்ணம். அதன் அடி P பூச்சியத்தில். வெப்பநிலை இறங்க இறங்கக் கிண்ணத்தின் அடி தட்டையாகும். மாற்றப் புள்ளிக்குக் கீழே நடுவில் ஒரு மேடு எழும்பி இருபக்கமும் இரண்டு பள்ளங்கள். பள்ளத்தின் இடம், புள்ளியிலிருந்து எவ்வளவு பாகை இறங்கினோம் என்பதன் வர்க்கமூலமாக விலகிப்போகும்; அதனாலேதான் P பாய்ச்சலின்றிப் பூச்சியத்திலிருந்து வளர்கிறது.

"அப்ப கடைசியில எந்தப் பள்ளத்துக்குப் போகும், மச்சான்?"

"கணக்கு அதைச் சொல்லாது. ரெண்டும் ஒண்டுதான். ஒரு சின்னத் தள்ளு போதும்."

"நல்ல கணக்கு. கலியாணத் தரகர் மாதிரி," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மேற்பாதியை, அறுபதிலிருந்து நாற்பத்தொன்பது வரை, இருவரும் சேர்ந்து அளந்தோம். கொள்ளளவம் தருவது படிகத்தின் ஏற்புத்திறனை, அதாவது ஒரு சிறு மின்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்பதை. அதன் நிகர்மாற்றை, அதாவது ஒன்றை அதனால் வகுத்து வருவதை, வெப்பநிலைக்கு எதிரே குறித்தால் ஒரு நேர்கோடு இறங்கி வந்து மாற்றப் புள்ளியில் பூச்சியத்தைத் தொட்டது. கிண்ணம் தட்டையாகும் இடத்தில் படிகம் எந்தத் தள்ளுக்கும் இணங்கிவிடும் என்று விரிவு சொன்னதை எண்ணெய்த் தொட்டியும் சொன்னது. கீழே போனால் கோடு மறுபடி ஏறவேண்டும். ஆனால் வேறு சாய்வோடு. மேலே உள்ள சாய்வைப்போலக் கீழ்ச் சாய்வு எத்தனை மடங்கு என்பதே எங்கள் ஆய்வின் கேள்வி. அந்த விகிதத்தில் குணகங்கள் ஒன்றுமே மிஞ்சாது. வெறும் எண். ஆகவே அது விரிவின் நேரடிச் சோதனை.

அந்த வேளையில் செய்முறை வகுப்புகளுக்காக என்னைக் கொழும்புக்கு அழைத்துவிட்டார்கள். கீழ்ப்பாதியை அவன் தனியே அளப்பதாக முடிவு செய்தோம். புகைவண்டியில் போகும்போதே கணக்கைப் போட்டு, இறங்கியதும் அவனுக்குக் கடிதம் எழுதினேன்.

எனக்கு ஒரு பழக்கம். தாளின் நடுவே ஒரு கோடு கீறி, கோட்டுக்கு மேலே மேல் அவத்தையையும் கீழே கீழ் அவத்தையையும் எழுதுவேன். ஏற்புத்திறனின் நிகர்மாற்று என்பது கட்டற்ற சக்தியின் இரண்டாம் வகையீடு. அதில் இரண்டு உறுப்புகள்: a(T−T꜀) ஒன்று, 3bP² மற்றையது; T வெப்பநிலை, T꜀ மாற்றப் புள்ளி, a, b குணகங்கள். மேலே P பூச்சியம். ஆகவே முதல் உறுப்பு மட்டும், சாய்வு a. அதைக் கோட்டுக்கு மேலே எழுதினேன். கீழே P² = a(T꜀−T)/b; ஆகவே இரண்டாம் உறுப்பு 3a(T꜀−T). அதைக் கோட்டுக்குக் கீழே எழுதினேன். கீழ்ச் சாய்வு மூன்று மடங்கு என்று அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

முதல் உறுப்பு கோட்டுக்குக் கீழேயும் இருக்கிறது என்பதும், அங்கே அது மறையாகி, மூன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது என்பதும் அந்தப் புகைவண்டியில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. விடை இரண்டு. முதலாண்டு மாணவனும் கண்டுபிடிக்கக்கூடிய வழு. என் கோடு அதை மறைத்துவிட்டது.

இரண்டு கிழமையில் அவனிடமிருந்து பதில் வந்தது. இருபத்திரண்டு வாசிப்புகள், அழகான கையெழுத்தில். வரைபுத்தாளில் குறித்தேன். புள்ளிகள் கோட்டுக்கு இருபுறமும் இலேசாகச் சிதறி, ஒரு நேர்கோட்டில் நின்றன. சாய்வு மேற்சாய்வின் மூன்று மடங்கு. அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று நினைக்கவும் கூச்சமாக இருக்கிறது. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் யாழ்ப்பாணத்தவர், வகுப்பில் ஆங்கிலம், அறைக் கதவு சாத்தினால் தமிழ். வரைபை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, மிச்சத்தை எழுதும்" என்றார். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஓர் இடம் இருப்பதாகவும், எங்களில் ஒருவரை இந்த வேலையின் பேரில் அனுப்பப்போவதாகவும் அவர் முன்பே சொல்லியிருந்தார். கணக்கு என்னுடையதாகையால் நானே போவேன் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

ஆய்வுரைக்குப் பின்னிணைப்பு எழுத உட்கார்ந்த ஒரு முற்பகலில், நூலகத்தில், இரண்டாம் வகையீட்டைக் கோடு கீறாமல் ஒரே வரியில் எழுதினேன். மறை ஒன்றும் மூன்றும் இரண்டு. மறுபடி எழுதினேன். இரண்டு.

என் கணக்கு பிழைத்தது எனக்கு அதிர்ச்சியல்ல. என் பிழைக்குப் படிகம் கீழ்ப்படிந்திருந்தது என்பதுதான் அதிர்ச்சி. இயற்கைக்கு என் கடிதம் கிடைத்திருக்க நியாயமில்லை. அது கிடைத்தவன் ஒருவனே.

அடுத்த நாள் காலைப் புகைவண்டியில் வவுனியாவுக்குப் போனேன். அவன் பின்பக்கத்து அறையில் பாலத்தின் பற்றரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் புதிய தாளை அவன்முன் வைத்தேன். வாசித்தான். அவனும் பௌதிகம் படித்தவன். அரை நிமிடம் போதுமாயிருந்தது.

"ரெண்டோ?" என்றான்.

"ரெண்டு."

கதிரையில் சாய்ந்துகொண்டான். பிறகு சொன்னான். ஸ்கந்தபுரத்துக் காணியில் தகப்பனுக்கு அறுவடை. மூன்று நாளில் வரச்சொல்லி ஆள் வந்தது. எண்ணெய் தானாக ஆறக் காத்திருக்க நேரமில்லாமல் தொட்டியைக் கிணற்று நீருக்குள் இறக்கியிருக்கிறான். குழாய்க்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். தகடு மூன்று துண்டு.

"ஆறு கிழமை வளத்த கல்லு. உனக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"மற்றப் பாதி சாடிக்குள்ள கிடந்ததே."

"அதையும் உடைச்சால்? அந்தக் கிழமை உன்ர கடிதம் வந்தது. விடையும் அதிலயே கிடந்தது."

"கடைசித் தசமத் தானத்தில சிதறலும் போட்டிருக்கிறாய்."

"இயற்கையாய் இருக்கட்டுமெண்டு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "நீ மூண்டெண்டு எழுதினனி, மச்சான். நீ கணக்கில பிழை விடுவாயெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. படிகத்தை அளந்திருந்தாலும், ரெண்டு வந்திருந்தால் நான் பிழையா அளந்திட்டனெண்டுதான் யோசிச்சிருப்பன்."

இதைவிடக் கொடிய வாக்குமூலத்தை நான் பிறகு கேட்டதில்லை. அவன் என்னை ஏமாற்றியதும் என்மேல் வைத்த நம்பிக்கையும் ஒரே செயலாக இருந்தன. ஒன்றை மன்னித்து மற்றதைத் தண்டிக்க வழியில்லை. இருவருமாகப் போய்ப் பேராசிரியரிடம் சொல்வோம் என்றேன். "சொல்லுவம், மச்சான். நான் சொல்லுறன்," என்றான். தாயார் இருவருக்கும் குசினியில் இலை போட்டார். நான் அவனுடைய வாக்கை அந்தச் சோற்றோடு விழுங்கிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை பேராசிரியரின் அறையில் நின்றோம். அவருக்கு முன்னால் எங்கள் வரைபு கிடந்தது; அதன் ஓரத்தில், பென்சிலில், அவர் கையால் போட்ட கணக்கு. விடை இரண்டு. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அவர் கண்டுபிடித்திருந்தார்.

கதவைச் சாத்தச் சொன்னார். "கணக்கு ரெண்டெண்டுது. உங்கட படிகம் மூண்டெண்டுது. படிகத்துக்கு இந்தப் பிழை எப்பிடித் தெரியும்?" குரலை உயர்த்தவில்லை. "பிழை ஆருடையது?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் மேசைமேல் கிடந்த வரைபைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வகையீட்டில் வழு விட்டவன் நான். அதை முதலில் ஒப்புக்கொண்டால் அவனுக்குத் தன் பங்கைச் சொல்வது இலகுவாகும் என்று எண்ணினேன்.

"பிழை என்ர, சேர்," என்றேன்.

நம் மொழியில் அந்தச் சொல் ஒன்றுதான். கணக்கில் வழுவினாலும் பிழை. களவு செய்தாலும் பிழை. எதைக் கேட்டார் என்பது அவர் முகம் மாறிய விதத்தில்தான் எனக்கு விளங்கியது. மூன்று என்ற விடை யாருக்குத் தேவைப்பட்டது? மூன்று என்று கணக்குப் போட்டவனுக்கு. எண்கள் யாருடைய கொள்கைக்கு வளைந்திருந்தன? என்னுடையதற்கு. நியாயமாகச் சிந்திக்கும் எவரும் வேறு முடிவுக்கு வந்திருக்கமாட்டார். அவர் நியாயமான மனிதர்.

"நீர் வாசிப்புகளை இவரிட்டைக் குடுத்தனீர்தானே?" என்று அவனைக் கேட்டார்.

"ஓம், சேர்," என்றான் அவன்.

அது பொய்யல்ல. எனக்கு அனுப்பியிருந்தான்தான். உண்மையான வாசிப்புகளை நான் வளைத்தேன் என்றே அவர் அதை எடுத்துக்கொள்வார் என்பது அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இரண்டு பள்ளங்கள், ஒரு சின்னத் தள்ளு. அவன் தன் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டான்.

நான் அப்போது பேசியிருக்கலாம். கடிதங்களைக் காட்டியிருக்கலாம், இருபத்திரண்டு எண்களும் அவன் கையெழுத்தில் என் பெட்டிக்குள் கிடந்தன. இதைப் பல ஆண்டுகள் எனக்கு நானே விசாரித்திருக்கிறேன். நான் பேசாதது பெருந்தன்மையால் அல்ல. அவன் பேசுவான் என்று அந்த விநாடியிலும் நம்பினேன். அந்த விநாடி கடந்தபின் பேசுவதற்குரிய ஒருவனும் என்னுள் எஞ்சவில்லை.

"அப்ப நீர் போகலாம்," என்றார் பேராசிரியர் என்னிடம். நடைவழியில் ஒரு மணித்தியாலம் நின்றேன். அவன் வெளியே வந்தபோது என்னைக் கடந்து போனான். மேற்பாதியின் வாசிப்புகள் சுத்தமானவை என்பதால் வெளிநாட்டு இடம் அவனுக்குப் போயிற்று. அவன் புறப்பட்ட நாளில் நான் துறைமுகத்துக்குப் போகவில்லை.

ஆய்வுரையைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க எனக்கு ஓராண்டு தரப்பட்டது. அதற்கு உலர்ந்த காற்றும் மறுபாதிப் படிகமும் வேண்டும். இரண்டும் இருந்தது ஒரே இடத்தில்தான். அடுத்த கச்சான் தொடங்கியபோது நெளுக்குளத்துக்குப் போய், அந்தக் கதவைத் தட்டினேன். தாயாருக்கு ஒன்றும் தெரியாது. சாடியை அவர் துணி சுற்றிக் காத்து வைத்திருந்தார்.

எண்ணெயை நாள் முழுவதும் ஆறவிட்டுத் தனியே அளந்தேன். ஒருவனே வெப்பமானியையும் வாசித்து, காதையும் கொடுப்பது கடினம். மறதிக்கு இடமின்றி ஒவ்வொரு வாசிப்பையும் பேனையால் எழுதினேன். கீழ்ச் சாய்வு இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்தது. அந்தச் சற்றுக்கும் காரணம் உண்டு. விநாடிக்கு ஆயிரம் முறை புலம் ஊசலாடும்போது, கீழ் அவத்தையில் முனைவாக்கம் மாறுகையில் எழும் வெப்பம் வெளியேற நேரமில்லை. படிகம் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றி, சாய்வு கூடும். மூன்றை அது எட்டவில்லை. விரிவு சொன்னது சரி. ஊளைச் சத்தம் கடைசி வாசிப்பில் அடங்கியபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இந்த எண் ஓராண்டுக்கு முன்னரே, இதே அறையில், இதே கல்லின் மறுபாதிக்குள் இருந்தது.

அன்று மத்தியானம் தாயார் சோறு போட்டபடி கேட்டார்: "அவன் கடிதம் போட்டவன், தம்பி. அங்க ஒரே குளிராம். நீயும் போயிருக்கலாமே. என்னண்டு விட்டனீ?"

"என்ர பிழை, அம்மா," என்றேன்.

"அப்பிடிச் சொல்லாத. நீ பிழை விடுற பிள்ளையே?" என்று இன்னொரு அகப்பை போட்டார்.

அதன் பின்னர் முப்பதாண்டுகள் இந்த விரிவைக் கற்பித்தேன். அந்தத் தொடர், மாற்றப் புள்ளிக்கு அருகில் மட்டுமே செல்லுபடியாகும் என்பதையும், ஒவ்வொரு மூலக்கூறும் தொலைவிலுள்ள பலவற்றுக்குச் செவிகொடுக்கும் படிகங்களில் அது வியப்பூட்டும் அளவுக்கு உண்மையாகும் என்பதையும் சொல்லுவேன். இரண்டாம் வகையீட்டுக்கு வரும்போது நடுக்கோடு கீறவேண்டாம் என்று எச்சரிப்பேன். ஏன் என்று எவருக்கும் சொன்னதில்லை.

அவன் எனக்கு ஒருமுறையும் எழுதவில்லை. மகளிடம் அடிக்கடி பேசியிருக்கிறான். என்னைப் பற்றி என்ன பேசினான் என்று அவளைக் கேட்கலாம், கேட்கமாட்டேன். நான் எதிர்பார்த்தது நீண்ட கடிதமல்ல. 'கணக்கு அவன்ர பிழை, சேர்; எண்கள் என்ர பிழை' என்ற ஒரு வரி. அதைச் சொல்லக்கூடிய ஒரே வாய் சென்ற மாதம் மூடிவிட்டது. அவனுக்காக நான் அழுதேன் என்பதையும் இங்கே பதிகிறேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

நினைவு மலருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டேன்: அவனுடைய காது மிகக் கூர்மையானது. மேற்பாதி வாசிப்புகள் எல்லாம் அவன் கேட்டவை; அவற்றில் ஒன்றுகூடப் பிழையில்லை.